ஒரு சொட்டு கிளிசரின்

பத்து லிட்டர் சானிடைசர் தயாரிக்க என்னென்ன வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கைச்சுத்த வழிகாட்டியில் கணக்கு தெளிவாக இருக்கிறது. 96 சதவீத எத்தனால் 8,333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு 417 மில்லி, கிளிசரின் 145 மில்லி. மீதி இடத்தைக் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரோ, காய்ச்சி வடித்த தண்ணீரோ நிரப்பும். கலந்து பாட்டிலில் ஊற்றிய பிறகு 72 மணி நேரம் தொடாமல் வைத்திருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலில் கிருமியைக் கொல்லும் வேலை எத்தனாலுடையது. பெராக்சைடு கைக்காகச் சேர்க்கப்படுவதல்ல. பாட்டிலிலும் திரவத்திலும் ஒளிந்திருக்கக்கூடிய நுண்ணுயிர் வித்துகளை அழிக்கத்தான் அது. 72 மணி நேரக் காத்திருப்பும் அதற்காகவே. கிளிசரினோ எதையும் கொல்வதில்லை. இன்னும் சொல்லப்போனால், அளவு கூடினால் எத்தனாலின் வேலையைக் கொஞ்சம் கெடுக்கவும் செய்யும். அப்படியிருந்தும் அதை ஏன் விடாமல் சேர்க்கிறார்கள்?

பதில் ஜெனீவாவில் இருக்கிறது. அந்த நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனையில் 1994-இல் தொற்றுநோய்த் தடுப்பு மருத்துவர் டிடியே பித்தேயின் குழு, செவிலியரும் மருத்துவர்களும் கையைச் சுத்தம் செய்ய வேண்டிய நேரங்களில் உண்மையில் செய்கிறார்களா என்று பக்கத்தில் நின்று எண்ணிப் பார்த்தது. நூற்றுக்கு 48 தடவைதான் செய்தார்கள். அக்கறை இல்லாததால் மட்டும் அல்ல. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு மணி நேரத்தில் இருபது தடவைக்கு மேல் கை கழுவ வேண்டி வரும். தொட்டிவரை நடந்து, சோப்பு போட்டு, துடைத்துத் திரும்ப ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். கணக்குப் போட்டால் நோயாளியைப் பார்க்க நேரமே மிஞ்சாது. கழுவிக் கழுவித் தோல் வெடித்துப் போனவர்கள் அடுத்த முறை தொட்டிப் பக்கம் போகத் தயங்குவதும் இயல்புதான்.

படுக்கைக்குப் பக்கத்திலேயே ஆல்கஹால் பாட்டிலை வைத்தார்கள். சுவரொட்டிகள் ஒட்டிப் பிரசாரமும் நடந்தது. 1997-இல் 48 என்பது 66 ஆயிற்று. இந்த முடிவுகள் 2000-இல் லான்செட் இதழில் வெளிவந்தன. அந்த மருத்துவமனையின் மருந்தாளுநர் வில்லியம் கிரிஃபித்ஸ் வழியாக வந்த கலவைதான் பிற்பாடு, காப்புரிமைத் தொல்லை ஏதும் இல்லாமல், உலக சுகாதார நிறுவனத்தின் சூத்திரம் ஆனது. கிளிசரின் அதில் இருப்பது கிருமிக்காக அல்ல, பாட்டிலை அழுத்த வேண்டிய மனிதருக்காக. கை எரிந்தால் அவர் அழுத்த மாட்டார்.

இனி தோலுக்கு வருவோம். கையின் மேல்தோலில் வெளிப்புறமாக இருப்பது இறந்த செல்களால் ஆன ஒரு மெல்லிய அடுக்கு. உள்ளங்கையில் அது தடிமன். புறங்கையிலும் விரல் இடுக்குகளிலும் தாளைவிட மெல்லியது. செல்கள் செங்கல் என்றால், அவற்றுக்கு நடுவே செரமைடு, கொலஸ்டிரால், கொழுப்பு அமிலங்கள் சேர்ந்த ஒரு கொழுப்புச் சாந்து இருக்கிறது. செல்லுக்குள்ளே தண்ணீரைப் பிடித்து வைக்கும் சிறு மூலக்கூறுகளும் உண்டு. சாந்து கரைந்தால் உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாகும், வெளியே இருக்கும் எரிச்சலூட்டிகள் உள்ளே போகும். சொரசொரப்பு, வெண்மையான செதில், மூட்டு மடிப்புகளில் கோடு கோடாக வெடிப்பு என்று கை அதைக் காட்டிக்கொடுக்கும்.

ஆல்கஹால் இந்தக் கொழுப்பைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் சோப்பு செய்வதற்கும் இது செய்வதற்கும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, அது பலருக்குத் தெரிவதில்லை. சோப்பு கொழுப்பைப் பிரித்தெடுக்கிறது, தண்ணீர் அதை அடித்துக்கொண்டு சாக்கடைக்குப் போகிறது. ஆல்கஹால் கொழுப்பைக் குலைத்தாலும், சில வினாடிகளில் அது மட்டும் ஆவியாகிவிடுகிறது. கொழுப்பில் பெரும்பகுதி தோலிலேயே தங்கிவிடுகிறது. போதாததற்கு, தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது. கார எண் ஐந்துக்குப் பக்கத்தில் இருக்கும். சாதாரணக் கட்டி சோப்போ ஒன்பது, பத்தில் நிற்கும். ஒரே எண்ணிக்கையில் பயன்படுத்திப் பார்த்த ஆய்வுகளில், நல்ல ஆல்கஹால் கலவை சோப்பைவிடத் தோலைக் குறைவாகவே உலர்த்துவது திரும்பத் திரும்பத் தெரிந்திருக்கிறது.

அப்படியானால் சானிடைசர் பட்டதும் ஏன் சுள்ளென்று எரிகிறது? தோலின் நரம்பு முனைகளில் சூட்டை உணரும் ஒரு புரதம் உண்டு. மிளகாயின் காரத்தை உணர்வதும் அதுவே. சாதாரணமாகச் சுமார் 42 டிகிரிக்கு மேல்தான் அது விழிக்கும். எத்தனால் பட்டால் அந்த வரம்பு 34 டிகிரி அளவுக்கு இறங்கிவிடுகிறது. உடம்புச் சூடே அதற்குப் போதும், நெருப்பு பட்டது போல் மூளைக்குச் செய்தி போகிறது. முழுத் தோலில் எத்தனால் அந்த நரம்பு வரை எட்டுவதில்லை. வெடித்த தோலில் நேராக எட்டுகிறது. ஆக, எரிச்சல் என்பது தோல் ஏற்கெனவே கெட்டுவிட்டது என்பதற்கான அடையாளம். பெரும்பாலானவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். "ஜெல் எரிக்கிறது" என்று ஜெல்லை விட்டுவிட்டு, எரிச்சல் தராத சோப்புக்கு ஓடுகிறார்கள். தோலைக் கெடுத்த சோப்பே மருந்து போல் தோன்ற ஆரம்பிக்கிறது.

ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் பெண்ணை எடுத்துக்கொள்வோம். காலை ஆறரைக்கு வந்து மதியம் இரண்டு மணிக்குப் போகிறார். ஒவ்வொருவருக்கும் ரத்தம் எடுக்கும் முன்பும் பின்பும் கையைச் சுத்தம் செய்ய வேண்டும். இருபது பேர் வந்தால் நாற்பது தடவை. இவர் ஒவ்வொரு முறையும் முதலில் சோப்பு போட்டுக் கழுவி, துடைக்காமல் ஈரக் கையிலேயே ஜெல்லைத் தேய்த்து, "இரட்டிப்புப் பாதுகாப்பு" என்று திருப்தி அடைகிறார். மேலே கையுறை. அறையில் ஏசி. மூன்றாவது வாரத்தில் புறங்கை சிவந்து, மோதிரத்துக்கு அடியில் தோல் உரிய ஆரம்பிக்கிறது.

இவர் செய்ததில் பாதுகாப்பு ஏறவில்லை, குறைந்தது. ஈரக் கையில் இருக்கும் தண்ணீர் ஆல்கஹாலின் செறிவைக் குறைக்கிறது. சோப்பு சாந்தை எடுத்துவிட்ட அடுத்த நொடியில் ஆல்கஹால் உள்ளே இறங்குகிறது. முந்தைய தடவை ஜெல் விட்டுச்சென்ற கிளிசரினையும் சோப்புத் தண்ணீர் கழுவிக்கொண்டு போய்விடுகிறது. ஈரத்தோடு கையுறை போட்டதால் தோல் ஊறி இன்னும் பலவீனமாகிறது. மோதிரத்துக்கு அடியில் சோப்பு தங்கி அந்த இடத்தையே அரிக்கிறது.

மாற்றியமைப்பது கடினமில்லை. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கோ ரத்தமோ எண்ணெயோ பட்டால், கழிப்பறைக்குப் போய்வந்தால், சாப்பிடும் முன் என்றால் சோப்பு. வயிற்றுப்போக்கு பரவும் காலத்திலும் சோப்புதான், ஏனென்றால் நோரோ வைரஸ் போன்றவை ஆல்கஹாலுக்கு எளிதில் மசியாது. மற்ற தடவைகளுக்கெல்லாம் உலர்ந்த கையில் ஜெல் மட்டும். கழுவும்போது வெந்நீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுக்க வேண்டும். மோதிரம் வீட்டில் இருக்கட்டும். நாற்பதில் சோப்பின் பங்கு ஐந்தாறாகக் குறைந்தாலே, வெடிப்பு ஆழமாக இல்லாதவரை, சில வாரங்களில் தோல் தேற ஆரம்பிக்கும்.

இங்கேதான் கிளிசரின் தன் வேலையைக் காட்டுகிறது. அது தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொள்ளும் பிசுபிசுப்பான, இனிப்பான திரவம். எண்ணெயோ கொழுப்போ சோப்பாகும்போது துணைப்பொருளாகக் கிடைப்பது. 1779-இல் ஸ்வீடன் வேதியியலாளர் ஷீலே ஆலிவ் எண்ணெயிலிருந்து அதைப் பிரித்தார். விலை குறைவு, தண்ணீரோடும் ஆல்கஹாலோடும் ஒன்றாகக் கலக்கும், ஒவ்வாமை தருவது மிக அரிது. தோலுக்குள் இயற்கையாகவே கொஞ்சம் கிளிசரின் இருக்கிறது என்பதால் தோலுக்கு அது அந்நியமும் இல்லை. ஆல்கஹால் பறந்த பிறகும் கிளிசரின் பறக்காது. மேல் அடுக்கில் தங்கி ஈரத்தைப் பிடித்துவைக்கும்.

எவ்வளவு தங்குகிறது? பத்து லிட்டரில் 145 மில்லி என்றால் 1.45 சதவீதம். ஒரு தடவைக்கு 3 மில்லி, அதாவது அரைத் தேக்கரண்டிக்குச் சற்று அதிகம் எடுத்தால், அதில் கிளிசரின் 0.04 மில்லிதான். ஒரு சொட்டுக்கும் குறைவு. ஒரு நாளில் இருபது தடவை தேய்த்தால்கூட மொத்தம் ஒரு மில்லியை எட்டாது. அந்த ஒரு சொட்டுக்குக் குறைவான அளவு தோலில் நின்று சேர வேண்டும் என்றால், நடுவில் சோப்பு வந்து கழுவிப் போகக் கூடாது. நல்ல ஜெல் வாங்கியும் கை வறண்டே இருக்கிறது என்று அலுத்துக்கொள்பவர்கள் பலர், தாங்கள் எத்தனை தடவை கழுவுகிறோம் என்று எண்ணிப் பார்ப்பதில்லை.

அதிகம் சேர்த்தால் நல்லதுதானே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் 1.45 சதவீதமே கொஞ்சம் கூடுதலோ என்று நிபுணர்கள் பேசுகிறார்கள். வியன்னாவில் நடந்த ஆய்வுகளில், அறுவை சிகிச்சைக்கு முந்தைய கைச்சுத்தத்தில் கிளிசரின், கையுறைக்குள் சில மணி நேரம் நீடிக்க வேண்டிய கிருமி அடக்கத்தைக் குறைப்பது தெரிந்தது. பிரேசிலில் தீவிர சிகிச்சைப் பிரிவுச் செவிலியரிடம் வெவ்வேறு அளவுகளைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அதில் 0.5 சதவீதக் கலவைதான் அவர்களுக்கு மிகவும் ஒத்துப்போனது. கிளிசரினே இல்லாததும் பிடிக்கவில்லை, அதிகம் உள்ளதும் பிடிக்கவில்லை. பிசுபிசுப்பு வந்தால் கழுவத் தோன்றும், கழுவினால் பழைய வட்டம் மறுபடி ஆரம்பிக்கும்.

கடையில் நிற்கும்போது பாட்டிலின் முன்பக்கத்தைப் பார்க்க வேண்டியதில்லை. "ஈரப்பதம் தரும்", "கற்றாழை நிறைந்தது" என்பதெல்லாம் விளம்பர வாசகங்கள். பின்பக்கத்தில் இரண்டு விஷயங்கள் போதும். ஒன்று, எத்தனாலோ ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலோ எத்தனை சதவீதம் என்பது. 60-க்குக் குறைந்தால் வேண்டாம். 70 பக்கத்தில் இருப்பது நல்லது. இரண்டு, பொருள் பட்டியலில் கிளிசரின் என்ற சொல். கிளிசரால் என்று எழுதியிருந்தாலும் அதே பொருள்தான். பொருள்களை அளவின் வரிசையில் எழுதியிருக்கும் லேபிளில் ஆல்கஹாலுக்கும் தண்ணீருக்கும் அடுத்தே கிளிசரின் வந்தால் நல்ல அறிகுறி. வாசனைப் பொருளுக்கும் நிறத்துக்கும் பிறகு கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்தால் பேருக்குச் சேர்த்தது. "ஜெல் அடிப்படை, தேவையான அளவு" என்று மட்டும் எழுதி முடித்திருக்கும் லேபிளில் கிளிசரின் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. வாங்குகிறவர் அடுத்த பாட்டிலுக்கு நகரலாம்.

வாசனை விஷயத்தில் கண்டிப்பாக இருப்பது நல்லது. எலுமிச்சை, லாவெண்டர், ஸ்ட்ராபெரி என்று மணக்கும் ஜெல்கள் குழந்தைகளுக்குப் பிடிக்கும். தோல் ஒவ்வாமை தரும் பொருள்களின் பட்டியலில் வாசனைப் பொருள்கள் முன்வரிசையில் நிற்பவை. வெடித்த தோலில் அவை இன்னும் எளிதாக நுழையும். நாளுக்குப் பத்து தடவைக்கு மேல் ஜெல் தேய்க்கிறவருக்கு மணமில்லாததே சரி.

திரவமா ஜெல்லா என்பது பெரிய விஷயமில்லை. ஜெல்லில் கெட்டித்தன்மை தருவது பெரும்பாலும் கார்போமர் என்னும் பொருள். நாலைந்து தடவை தேய்த்த பிறகு விரல்களுக்கு நடுவே சிறு சிறு உருளைகளாக அழுக்கு போல் உருண்டு வருமே, பெரும்பாலும் அது அழுக்கல்ல, மிச்சமான கார்போமர். வியர்வை உப்பு பட்டால் கார்போமர் நீர்த்துப்போவதால், வியர்த்த கையில் சில ஜெல்கள் சட்டென்று தண்ணீராக இளகுவதையும் பார்க்கலாம். கடையில் திறந்து பார்க்கக் கொடுக்கும் பாட்டில் இருந்தால், உலர்ந்த கையில் தேய்த்துப் பார்க்கலாம்: கை முழுவதும் நனைந்து, உலர இருபது முதல் முப்பது வினாடி ஆக வேண்டும். பத்து வினாடிக்குள் காய்ந்தால் எடுத்த அளவு போதவில்லை. காய்ந்த பிறகு லேசான வழுவழுப்பு இருந்தால் கிளிசரின் இருக்கிறது. ஒட்டிக்கொண்டு தூசி பிடித்தால் அது அதிகம்.

இருக்கிற பாட்டிலிலேயே வீட்டுக் கிளிசரினை ஊற்றிக்கொள்ளலாமே என்று தோன்றும். செய்யக் கூடாது. 62 சதவீத ஆல்கஹால் உள்ள 100 மில்லி ஜெல்லில் இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 மில்லி கிளிசரின் கலந்தால், 62 மில்லி ஆல்கஹால் இப்போது 110 மில்லியில் பரவுகிறது. செறிவு 56 சதவீதத்துக்கு இறங்கிவிட்டது. கிருமி சாகாமலே கை மட்டும் பிசுபிசுக்கும். கெட்டியான ஜெல்லில் அது ஒரே சீராகக் கலக்கவும் செய்யாது.

கிளிசரினைத் தனியாக, தண்ணீர் கலக்காமல் அப்படியே தடவுவதும் சரிவராது. ஏசி அறை போன்ற வறண்ட காற்றில் வெளியிலிருந்து இழுக்க ஈரம் இல்லாதபோது, அடர்த்தியான கிளிசரின் தோலின் உள்ளிருந்தே ஈரத்தை இழுக்கும். பாட்டி காலத்துக் கிளிசரின்–பன்னீர் கலவைக்கு இந்த வகையில் அர்த்தம் இருக்கிறது. ஒரு பங்கு கிளிசரினுக்கு மூன்று நான்கு பங்கு பன்னீர் என்று நீர்த்தால் பாதகமில்லை. அதில் எலுமிச்சைச் சாறு பிழிவதுதான் தவறு. வெடித்த தோலில் அமிலம் எரியும். போதாததற்கு, எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் கொப்புளமும், மாதக்கணக்கில் மறையாத கருந்திட்டும் வரக்கூடும்.

ஜெல்லில் இருக்கும் கிளிசரின் தோலை மேலும் கெடாமல் காக்கும். கெட்டதைச் சரிசெய்யத் தனியே கிரீம் வேண்டும். பம்ப் பாட்டிலில் வரும் நீர்த்த லோஷனைவிட டியூபில் வரும் கெட்டியான கிரீம் நல்லது. ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புவரை ஒரு கோடாகப் பிதுக்கினால் அது சுமார் அரை கிராம். அப்படி இரண்டு கோடு இரு கைகளுக்கும், முன்னும் பின்னும், சரியாக இருக்கும். பெரும்பாலோர் இதில் கால்வாசிகூட எடுப்பதில்லை. எடுத்ததையும் உள்ளங்கையில் தேய்த்து முடித்துவிடுகிறார்கள். விரல் இடுக்கும் முட்டிகளும்தான் முதலில் வெடிப்பவை.

நேரமும் முக்கியம். வேலை நடுவே எண்ணெய்ப்பசை உள்ளதைத் தடவி உடனே ஜெல் தேய்த்தால் ஜெல் தோலில் சரியாகப் பரவாது. லேடெக்ஸ் கையுறை போடுகிறவருக்கு இன்னொரு சிக்கல்: வாஸ்லின், தேங்காய் எண்ணெய் போன்றவை ரப்பரை நைந்துபோகச் செய்யும். வேலை முடிந்ததும் ஒரு தடவை, படுக்கும் முன் தாராளமாக ஒரு தடவை என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை. இரவில் கிரீமுக்கு மேல் மெல்லிசாக வாஸ்லின் தடவி, பருத்திக் கையுறையோ பழைய பருத்திச் சாக்ஸோ மாட்டிக்கொண்டு தூங்கினால் ஈரம் வெளியேறாது. வீட்டில் தேங்காய் எண்ணெய்தான் இருக்கிறது என்றால் அதுவும் வறண்ட தோலுக்கு உதவும், சற்று ஈரமாக இருக்கும் கையில் தடவும்வரை.

சமையலறையில் நிற்பவருக்கு ஒரு எச்சரிக்கை. ஜெல் முழுதாகக் காயும் முன் அடுப்பையோ விளக்கையோ கற்பூரத்தையோ பற்றவைக்கப் போகக் கூடாது. எத்தனாலின் சுடர் வெளிச்சத்தில் சரியாகக் கண்ணில் படாது, கை சுட்ட பிறகே தெரியும்.

இவ்வளவும் செய்து மூன்று, நான்கு வாரமாகியும் கை தேறவில்லை என்றால், அது வெறும் வறட்சி அல்லாமல் ஒவ்வாமையாக இருக்கலாம். வறட்சி வெடிப்பு புறங்கை, முட்டி, மோதிர இடம் ஆகியவற்றோடு நிற்கும், எரியும், இழுக்கும். ஒவ்வாமை அரிக்கும், சிறு நீர்க்கொப்புளங்கள் வரும், ஜெல் தொடாத மணிக்கட்டுக்கும் ஏறும், சில நேரம் கண் இமைவரை போகும். ஆல்கஹால் ஒவ்வாமை மிக அரிது. குற்றவாளி பெரும்பாலும் வாசனைப் பொருளாகவோ, பதப்படுத்தும் பொருளாகவோ, கையுறை ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருளாகவோ இருக்கும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலவைக் களிம்பு சில நாள் அரிப்பை அடக்கும். அதோடு தோலை மெலிதாக்கி, பூஞ்சைத் தொற்று இருந்தால் அதையும் மறைத்து வளர்த்துவிடும். தோல் மருத்துவர் முதுகில் சிறு சிறு பட்டைகளாகப் பொருள்களை ஒட்டி, இரண்டு நாள் கழித்து எடுத்து, பிறகும் ஒரு தடவை பார்த்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லுவார். அந்தச் சோதனைக்குப் போகும்போது வீட்டிலும் வேலை இடத்திலும் கையில் படுகிற ஜெல், சோப்பு, கிரீம், கையுறை எல்லாவற்றையும் லேபிளோடு ஒரு பையில் எடுத்துக்கொண்டு போவது மருத்துவரின் வேலையைப் பாதி குறைக்கும்.